நிறுத்தச் சொன்னவருக்கு மறுபடி மெசேஜ் போகாமல் இருக்க ஒரு ஷீட்

*கேள்வி:* தஞ்சாவூரில் 340 குடும்பங்கள் சேர்ந்து இயற்கை விளைபொருள் நுகர்வோர் குழு ஒன்று நடத்துகிறோம். வியாழன் இரவு அந்த வாரக் காய்ப் பட்டியலையும் விலையையும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்புவோம். சனிக்கிழமை காலையில் வந்து வாங்கிப் போவார்கள். மார்ச்சில் ஒரு அம்மா “இனி எனக்கு அனுப்ப வேண்டாம்” என்றார், எடுத்துவிட்டோம். ஜூனில் போன் மாற்றியபோது லிஸ்ட்டைப் புதிதாகப் போட்டோம். அவருக்கு மறுபடி போய்விட்டது. “ஒரு தடவை சொன்னால் கேட்க மாட்டீர்களா?” என்று கோபப்பட்டார். யார் சம்மதம் தந்தார்கள், யார் எப்போது விலகினார்கள் என்று ஒரு ஷீட்டில் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எதையெல்லாம் எழுத வேண்டும்? ஏற்கெனவே லிஸ்ட்டில் இருப்பவர்களை என்ன செய்வது?

– ஒரு வாசகர், தஞ்சாவூர்

*பதில்:* மார்ச்சில் அவரை எடுத்தது சரியாகத்தான் நடந்திருக்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். வெளியே போனவர் யார், எப்போது போனார் என்பது அதில் எங்கேயும் நிற்காது. போன் மாறியதும் எதைப் பார்த்து லிஸ்ட்டைத் திரும்பப் போட்டிருப்பீர்கள்? உறுப்பினர் நோட்டைப் பார்த்துத்தான். நோட்டில் அந்த அம்மா இன்னமும் உறுப்பினர். அவர் நிறுத்தச் சொன்னது மெசேஜைத்தானே, குழுவை விட்டுப் போவதாகச் சொல்லவில்லையே. அதனால் நோட்டு அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டது.

ஆகவே உங்கள் ஷீட்டுக்கு முதல் வேலை, விலகியவரை நினைவில் வைத்திருப்பது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யாராவது விலகினால் அவருடைய வரியை ஷீட்டிலிருந்தே அழித்துவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அடுத்த முறை நோட்டிலிருந்தோ, பழைய போனில் சேமித்த எண்களிலிருந்தோ, யாரோ ஒரு தொண்டர் வைத்திருக்கும் பட்டியலிலிருந்தோ அந்த எண் வந்து சேரும்போது தடுக்க எதுவும் இருக்காது. வரியை அழிக்கக் கூடாது. விலகிய நாளை அதே வரியில் எழுத வேண்டும். இனி எந்த லிஸ்ட் போட்டாலும் இந்த ஷீட்டிலிருந்து மட்டுமே போட வேண்டும். நோட்டு காய்க் கணக்குக்கு இருக்கட்டும்.

இனி ஷீட்டைப் பார்க்கலாம். கூகுள் ஷீட் போதும், தனிச் செயலி எதுவும் வேண்டாம். முதல் தாளுக்கு ‘பதிவு’ என்று பெயர் வையுங்கள். A-இல் பெயர், B-இல் எண், C-இல் எதற்காக அனுப்புகிறோம், D-இல் சம்மதம் சொன்ன நாள், E-இல் எப்படிச் சொன்னார், F-இல் எந்த வாசகத்தைச் சொல்லிக் கேட்டோம், G-இல் நிறுத்தச் சொன்ன நாள், H-இல் அதை எப்படிச் சொன்னார், I-இல் லிஸ்ட்டிலிருந்து எடுத்த நாள், J-இல் இன்றைய நிலை, K-இல் குறிப்பு. இதற்கு மேல் வேண்டாம். முகவரி, வயது, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் மெசேஜ் அனுப்பத் தேவையில்லை. தேவையில்லாததை வைத்திருந்தால் அதையும் பாதுகாக்க வேண்டிவரும்.

C ஏன் என்று கேட்பீர்கள். காய்ப் பட்டியல் வேண்டாம் என்பவருக்கு உறுப்பினர் கூட்ட அறிவிப்பு வேண்டியிருக்கலாம். “எனக்கு எதுவுமே அனுப்பாதீங்க” என்பதும் “வாராவாரம் வரும் விலைப் பட்டியல் வேண்டாம்” என்பதும் வேறு வேறு. ஒருவருக்கு இரண்டு வகை மெசேஜ் போகிறது என்றால் அவருக்கு இரண்டு வரி. வாராவாரம் போவது ‘காய்’, கூட்ட அறிவிப்பு ‘கூட்டம்’ என்று இரண்டே சொல் வைத்து, கீழிறங்கும் தேர்வாகப் போட்டுவிடுங்கள். கையால் அடிக்க விட்டால் ஒருவர் ‘காய்’ என்பார், இன்னொருவர் ‘காய்கறி’ என்பார். ஷீட் இரண்டையும் தனித்தனி வகையாக எடுத்துக்கொள்ளும். எல்லாமே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவருடைய எல்லா வரிகளிலும் G-ஐ நிரப்புங்கள்.

E-யில் ‘சம்மதம் பெற்றாச்சு’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. எங்கே போய்ப் பார்த்தால் அந்தச் சம்மதம் கிடைக்கும் என்பதை எழுதுங்கள். ‘வாட்ஸ்அப் பதில்’, ‘சனிக்கிழமை நோட்டு, பக்கம் 14, கையெழுத்து’ என்கிற மாதிரி. வாயால் சொல்லியிருந்தால் ‘நேரில் சொன்னார்’ என்று எழுதி, கேட்டவர் பெயரையும் சேருங்கள். வாட்ஸ்அப் பதிலாக இருந்தால், போன் மாறும்போது அந்த உரையாடல் போய்விடாதபடி பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள்.

F சின்ன விஷயம் போலத் தெரியும், பின்னால் கை கொடுக்கும். ‘வாசகம்’ என்று இன்னொரு தாள் போட்டு, உறுப்பினரிடம் கேட்ட கேள்வியை அப்படியே, எண்ணும் தேதியும் போட்டு ஒட்டி வையுங்கள். ‘பதிவு’ தாளில் 1 அல்லது 2 என்று போட்டால் போதும். இன்று காய்ப் பட்டியலுக்கு மட்டும் கேட்கிறீர்கள். நாளைக்கு வேறொருவருடைய நாட்டு விதையையோ, செக்கு எண்ணெயையோ அதே லிஸ்ட்டில் விளம்பரம் செய்யலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அப்போது F-ஐப் பார்த்தாலே தெரிந்துவிடும்: வாசகம் 1-க்கு ‘சரி’ சொன்னவர்கள் விளம்பரத்துக்குச் சரி சொல்லவில்லை.

அடுத்தது G-யும் I-யும். இந்த இரண்டு தேதியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அந்த அம்மாவின் வரியை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். நாள்களை ஒரு எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்கிறேன். 2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காய் வாங்க வந்தபோது நோட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தந்தார். 2025 மார்ச் 6, வியாழன் இரவு பட்டியல் போனதும் “இனி வேண்டாம்” என்று பதில் போட்டார். உங்கள் தொண்டர் அதைப் பார்த்தது சனிக்கிழமை. 8-ஆம் தேதி லிஸ்ட்டிலிருந்து எடுத்தார். இப்போது G-யில் எந்தத் தேதி வரும்? மார்ச் 6. அவர் சொன்ன நாள்தான் கணக்கு, நாம் பார்த்த நாள் இல்லை. I-யில் மார்ச் 8. இடைவெளி இரண்டு நாள், நடுவில் மெசேஜ் எதுவும் போகவில்லை. அடுத்த வியாழனுக்குள் எடுத்துவிட்டீர்கள் என்று யார் கேட்டாலும் காட்டலாம். ஒரே தேதி மட்டும் இருந்தால் இதைக் காட்ட முடியாது.

ஜூன் 12-இல் அவருக்கு மறுபடி போய், அவர் மறுபடி நிறுத்தச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். நிறையப் பேர் உடனே G-யில் இருக்கும் மார்ச் 6-ஐ அழித்துவிட்டு ஜூன் 12 என்று போடுவார்கள். அப்படிச் செய்தால் அவர் சொல்வது பொய் என்று உங்கள் ஷீட் சொல்கிறது! மார்ச் 6 அப்படியே நிற்க வேண்டும். I-யிலும் மார்ச் 8 இருக்கட்டும். K-யில் ‘2025-06-12: புதிய போனில் லிஸ்ட் போட்டபோது தவறுதலாகப் போனது, அன்றே எடுத்தோம், போனில் கூப்பிட்டுச் சொன்னோம்’ என்று எழுதுங்கள்.

G நிரம்பி, I காலியாக இருக்கும் வரி என்றால், நிறுத்தச் சொல்லிவிட்டார், நாம் இன்னும் எடுக்கவில்லை என்று பொருள். அது கண்ணில் குத்த வேண்டும். Conditional formatting-இல் A2:K என்ற பகுதிக்கு, Custom formula is என்பதைத் தேர்ந்து, இந்தச் சூத்திரத்தைப் போட்டுச் சிவப்பு நிறம் கொடுங்கள்:

```
=AND($G2<>"",$I2="")
```

வியாழன் இரவு அனுப்புகிறவர் முதலில் ஷீட்டைத் திறந்து, சிவப்பு வரி ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும். இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான் கொள்ளும். 340 பேருக்கு நீங்கள் இரண்டு லிஸ்ட் வைத்திருப்பீர்கள். ஒருவர் இரண்டிலும் இருந்து, ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் மெசேஜ் போய்க்கொண்டே இருக்கும். இரண்டிலும் தேடிப் பார்த்துவிட்டு I-யில் தேதி போடுங்கள்.

J-இல் ‘இருக்கிறார்’, ‘விலகினார்’ என்று கையால் அடிக்காதீர்கள். கையால் அடித்தால் தேதி ஒன்று சொல்லும், J வேறொன்று சொல்லும். தேதிகளை வைத்து ஷீட்டே சொல்லட்டும். J2-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(MAXIFS(D:D,B:B,B2,C:C,C2)>MAXIFS(G:G,B:B,B2,C:C,C2),"அனுப்பலாம்","வேண்டாம்")
```

ஒரே எண்ணுக்கு, ஒரே வகை மெசேஜுக்கு, கடைசியாகச் சம்மதம் சொன்ன நாளையும் கடைசியாக நிறுத்தச் சொன்ன நாளையும் இது ஒப்பிடுகிறது. சம்மதம் பிந்தியது என்றால் மட்டுமே ‘அனுப்பலாம்’. சம்மத நாளே இல்லையென்றால் ‘வேண்டாம்’. இரண்டும் ஒரே நாள் என்றாலும் ‘வேண்டாம்’. சந்தேகம் வரும் இடத்தில் மெசேஜ் போகாத பக்கம் சாய்வது நல்லது.

அந்த வரியில் G காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. ஒரே எண் இரண்டு வரிகளில் இருப்பது ரொம்பச் சாதாரணம். நோட்டிலிருந்து ஒரு தடவை ஏற்றியிருப்பீர்கள், வாட்ஸ்அப் பதிலைப் பார்த்து இன்னொருவர் இன்னொரு தடவை ஏற்றியிருப்பார். அவர் விலகும்போது ஒரு வரியில் மட்டும் தேதி விழும். இன்னொரு வரி காலியாக இருந்து அவரை லிஸ்ட்டில் வைத்துக்கொண்டே இருக்கும். மேலே உள்ள சூத்திரம் எண்ணை வைத்துப் பார்ப்பதால் இரண்டு வரியும் சேர்ந்து ‘வேண்டாம்’ என்றாகிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை: எண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் முன்னால் +91, ஓரிடத்தில் சைபர், ஓரிடத்தில் நடுவில் இடைவெளி என்றிருந்தால் ஷீட்டுக்கு அவை வெவ்வேறு ஆள்கள். B முழுவதையும் முதலிலேயே Plain text ஆக்கிவிட்டு, பத்து இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். பழைய பட்டியலை மொத்தமாக ஒட்டுகிறீர்கள் என்றால் தனித் தாளில் ஒட்டி, எண் A-யில் இருக்க, பக்கத்தில் இப்படிச் சுத்தம் செய்துகொள்ளலாம்:

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(A2),"\D",""),10)
```

இலக்கம் தவிர மற்றதை நீக்கிவிட்டுக் கடைசிப் பத்தை எடுக்கும். சுத்தம் செய்ததை ‘பதிவு’ தாளுக்குக் கொண்டுபோகும்போது மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். உறுப்பினர் யாராவது வெளிநாட்டு எண் வைத்திருந்தால் அதை மட்டும் நாட்டுக் குறியீட்டோடு கையால் எழுதுங்கள்.

எண்ணைவிடத் தேதிதான் ஆபத்து. ‘6.3.25’ என்று அடித்தால் அதை ஷீட் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளலாம். MAXIFS எழுத்தைக் கண்டுகொள்ளாது. D-யில் இது நடந்தால் சம்மதமே இல்லை என்று நினைத்து அனுப்பாமல் விடும். பெரிய கெடுதல் இல்லை, யாராவது “எனக்குப் பட்டியல் வரலையே” என்று கேட்பார். G-யில் நடந்தால் நிலைமை வேறு. விலகிய நாள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் J ‘அனுப்பலாம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஓரச் சீரமைப்பை நீங்கள் மாற்றாத வரை உண்மையான தேதி கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்கும் தேதி இடப்பக்கம் ஒட்டும். வராமலே தடுக்க D, G, I மூன்று நெடுவரிசைக்கும் Data validation-இல் Is valid date என்பதைத் தேர்ந்து, தவறானதை ஏற்காதபடி Reject the input போட்டுவிடுங்கள்.

அதோடு, ஷீட்டின் Settings-இல் Locale இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 06/03/2025 ஜூன் 3 ஆகிவிடும். எந்தப் பிழையும் காட்டாது. 2025-03-06 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் காட்டும்படி வைத்தால் குழப்பமே இல்லை. இன்றைய தேதியைப் போட Ctrl-ஐ அழுத்திக்கொண்டு அரைப்புள்ளியைத் தட்டினால் போதும். TODAY() சூத்திரத்தை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள். நாளைக்குத் திறந்தால் அது நாளைய தேதியைக் காட்டும். எல்லோரும் தினமும் புதிதாகச் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எதை ‘நிறுத்தச் சொன்னார்’ என்று எடுத்துக்கொள்வது என்பதில் குழுக்களுக்குள் வாக்குவாதம் வரும். ‘நிறுத்து’ என்று பதில் போடுங்கள் என்று நீங்கள் சொல்லி வைத்திருப்பீர்கள். ஆனால் ஜனங்கள் அப்படிப் போட மாட்டார்கள். “நாங்க திருச்சிக்கு மாறிட்டோம்”, “அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, இப்போதைக்கு வேண்டாம்ப்பா” என்பார்கள். காய் எடுக்க வந்தவர் பை கட்டித் தரும் பையனிடம் சொல்லிவிட்டுப் போவார். மனைவியின் எண்ணுக்கு வருவதைக் கணவர் போன் போட்டு நிறுத்தச் சொல்வார். எல்லாமே விலகல்தான். G-யில் அன்றைய தேதி, H-இல் யார் எப்படிச் சொன்னார் என்பது. ‘இப்போதைக்கு’ என்று சொன்னவரை ஒரு மாதம் கழித்து நீங்களாகத் திரும்பச் சேர்க்காதீர்கள். அவருக்கு வேண்டுமானால் அவரே சொல்வார். “நிஜமாகவே வேண்டாமா, ஏன் போகிறீர்கள்” என்று கேட்டும் மெசேஜ் அனுப்பாதீர்கள். ‘சரி, நிறுத்திவிட்டோம்’ என்று ஒரே ஒரு பதில் போதும். நேரில் சொன்னதை அன்றைக்கே ஷீட்டில் ஏற்றுவதற்கு, சனிக்கிழமை மேசையில் ஒரு தாள் வைத்து, சொன்னவரின் எண்ணையும் தேதியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

“நீங்க தேடுறவர் நான் இல்ல, இந்த நம்பர் இப்ப என்னுது” என்று பதில் வந்தால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூடிப்போன மொபைல் எண்கள் சில மாதம் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படுகின்றன. உங்களுக்குச் சம்மதம் தந்தவர் இவர் இல்லை. G-யை நிரப்பிவிட்டு, பழைய உறுப்பினரின் புதிய எண்ணைச் சனிக்கிழமை கேட்டு, சம்மதத்தோடு வேறு வரியில் எழுதுங்கள்.

ஒற்றைச் சாம்பல் டிக்கை மட்டும் விலகலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் உங்களைத் தடை செய்திருக்கலாம். போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்குப் பிராட்காஸ்ட் மெசேஜ் போகவே போகாது, அதுவும் காரணமாக இருக்கலாம். K-யில் குறித்துவிட்டு, அடுத்த முறை நேரில் பார்க்கும்போது கேளுங்கள். அவர் சொல்லாத தேதியை அவர் பெயரில் G-யில் எழுதக் கூடாது.

ஏற்கெனவே இருப்பவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்கெல்லாம் உறுப்பினரான தேதியையே D-யில் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சேரும்போது அவர்கள் எண் கொடுத்தது கணக்குக்கும் காய் வந்ததைச் சொல்வதற்கும். வாராந்திர மெசேஜுக்குச் சரி என்று சொன்னதாக உங்களிடம் எதுவும் இல்லையென்றால் அந்தத் தேதி நீங்களே உண்டாக்கியது. நோட்டில் உண்மையிலேயே அப்படி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டும் அந்தத் தேதியைப் போடுங்கள். மற்றவர்களுக்கு D காலி.

காலியாக இருப்பவர்களிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள். அதற்கு முன்னால், நிறுத்தச் சொன்னதாக நினைவிருக்கும் எல்லோரையும் வடிகட்டிவிடுங்கள்; அந்த அம்மாவுக்கு இந்தக் கேள்விகூடப் போகக் கூடாது. வாசகம் இப்படி இருக்கலாம்: “வணக்கம். வியாழன்தோறும் இரவு காய்ப் பட்டியலையும் விலையையும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாமா? வாரத்துக்கு ஒரு மெசேஜ்தான். வேண்டும் என்றால் ‘சரி’ என்று பதில் போடுங்கள். பின்னால் எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் இதே எண்ணுக்கு ‘நிறுத்து’ என்று போட்டால் போதும். பதில் போடாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அனுப்ப மாட்டோம். காய் எப்போதும்போல் வந்து வாங்கலாம்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மெசேஜுக்குச் சரி சொல்லாவிட்டால் காய் கிடைக்காதோ என்று பயந்து சொல்கிற ‘சரி’ சம்மதம் ஆகாது.

பதில் போடாதவர்கள் நிறைய இருப்பார்கள். மௌனத்தைச் சம்மதமாக எழுத வேண்டாம். அவர்களில் பலர் சனிக்கிழமை உங்கள் முன்னால் வந்து நிற்பவர்கள்தான். நான்கு வாரம் மேசையில் ஒரு நோட்டு வைத்து, ‘காய்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வேண்டும்’ என்ற தலைப்பின் கீழ் எண்ணையும் கையெழுத்தையும் தேதியையும் வாங்குங்கள். உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படியும் அங்கேயே சொல்லிவிடலாம். அதற்கு அப்புறமும் D காலியாக இருப்பவர்களை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 340 என்பது குறையும். குறையட்டும், மிச்சம் இருப்பவர்கள் பட்டியலைப் படிக்கிறவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் உங்களுக்கு வேண்டியது இரண்டு இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால், அறிவிப்புக் கொடுத்துச் சம்மதம் வாங்கினோம் என்று காட்ட வேண்டியது தரவை வைத்திருப்பவர், அதாவது நீங்கள். E, F இரண்டும் இதற்குத்தான். தனிமனிதர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்கு எண் வைத்திருப்பதற்குத்தான் விலக்கு. ஒரு குழுவுக்கு அது பொருந்தாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இது சில சனிக்கிழமை வேலைதான்.

“என் விவரம் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்” என்று ஒருவர் கேட்டால்? வரியை அழிக்காதே என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண் இருக்கிறதே என்று தோன்றும். நான் சொல்லும் வழி: பெயரை எடுத்துவிடுங்கள், குறிப்பை எடுத்துவிடுங்கள், உறுப்பினரும் இல்லை என்றால் நோட்டில் உள்ளதையும் அடித்துவிடுங்கள். எண்ணும் வகையும் தேதிகளும் மட்டும் நிற்கட்டும். “மறுபடி தவறுதலாக உங்களுக்கு அனுப்பாமல் இருக்க எண்ணை மட்டும் வைத்திருக்கிறோம், வேறு எதற்கும் எடுக்க மாட்டோம்” என்று அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எண்ணும் இருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொன்னால் அதையும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிலும் தொண்டர்களின் போன்களிலும் அந்த எண் இல்லை என்று பார்த்த பிறகு அழியுங்கள்.

விலகியவர் திரும்பி வந்தால் பழைய வரியைத் தொடாதீர்கள், G-யில் உள்ள தேதியை எடுக்காதீர்கள். கீழே புது வரி போட்டு, புதிய சம்மத நாளை எழுதுங்கள். சூத்திரம் புதிய நாளைப் பார்த்து ‘அனுப்பலாம்’ என்று மாறிக்கொள்ளும். பழைய கதையும் அழியாமல் இருக்கும்.

இந்த ஷீட்டே நூற்றுக்கணக்கானவர்களின் போன் எண்கள் அடங்கிய பட்டியல் என்பதால், இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைக்க வேண்டாம். எழுதும் உரிமை இரண்டு பேருக்கு, அவரவர் கூகுள் கணக்கில் இருக்கட்டும். அப்போது எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்பதை அந்தக் கட்டத்தின் Show edit history காட்டிவிடும். அதற்காகத் தனி நெடுவரிசை வேண்டாம். ஷீட்டின் நகலை வாட்ஸ்அப்பில் தொண்டர்களுக்கு அனுப்பாதீர்கள். அப்படிப் போன நகல் அன்றோடு பழசாகிவிடும். இன்னொரு ஜூன் மாதத்தில் அதிலிருந்துதான் யாராவது லிஸ்ட் போடுவார்கள்.

கடைசியாக, லிஸ்ட் போடும்போது என்ன செய்வது என்று. ‘அனுப்ப’ என்று மூன்றாவது தாள் வைத்து, A2-இல் இதைப் போடுங்கள்:

```
=UNIQUE(FILTER('பதிவு'!B2:B,'பதிவு'!C2:C="காய்",'பதிவு'!J2:J="அனுப்பலாம்"))
```

திரும்பி வந்தவருக்கு இரண்டு வரி இருந்தாலும் இங்கே எண் ஒரு முறைதான் வரும். பக்கத்தில் =COUNTA(A2:A) போட்டால் எத்தனை பேர் என்று தெரியும். மாதத்தின் முதல் வியாழன் அன்று, உங்கள் இரண்டு லிஸ்ட்டும் வாட்ஸ்அப்பில் காட்டும் எண்ணிக்கையைக் கூட்டி இதோடு ஒப்பிடுங்கள். ஷீட்டில் அதிகமாக இருந்தால் யாரையோ இன்னும் சேர்க்கவில்லை, அவசரமில்லை. வாட்ஸ்அப்பில் அதிகமாக இருந்தால் அன்று பட்டியலை அனுப்புவதற்கு முன் பெயர் பெயராகச் சரிபாருங்கள்: ஒருவர் இரண்டு லிஸ்ட்டிலும் இருப்பார், அல்லது நிறுத்தச் சொன்ன யாரோ ஒருவர் இன்னமும் உள்ளே இருக்கிறார். எண்ணிக்கை பொருந்தினாலும், அந்த மாதம் விலகியவர்களின் பெயரை மட்டும் இரண்டு லிஸ்ட்டிலும் ஒரு தடவை தேடிவிடுங்கள். ஒருவர் விடுபட்டு, வேறொருவர் தப்பாக உள்ளே இருந்தாலும் கூட்டல் சரியாகவே வரும்.